பள்ளிச் சேர்க்கை: முடிவெடுக்கும் முன் பெற்றோர் படிக்க வேண்டியவை

சேர்க்கை அறிமுகக் கூட்டத்தில் திரையில் காட்டப்படும் விவரங்கள் இந்தப் பக்கத்தில் எழுத்து வடிவில் உள்ளன. கூட்டத்துக்கு வர முடியாதவர்களும், வந்தும் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவர்களும் வீட்டில் நிதானமாகப் படிக்கலாம். சீருடை அளவு, வாகன நிறுத்தம், நாட்குறிப்பு போன்றவற்றை இங்கே சேர்க்கவில்லை. இடம் உறுதியானதும் அவை தனியாகத் தரப்படும்.

வகுப்புகளும் இடங்களும்

1 முதல் 8 வரை வகுப்புகள் உள்ளன. 9ஆம் வகுப்பு இங்கே இல்லை. அதற்கு வேறு பள்ளியில்தான் சேர்க்க வேண்டும். பலர் இதைக் கடைசி ஆண்டில்தான் கவனிக்கிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு வகுப்புக்கு இரண்டு பிரிவுகள், ஒரு பிரிவில் அதிகபட்சம் 28 பேர். ஆக, 1ஆம் வகுப்பில் 56 இடங்கள். இங்கே ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் தம்பி, தங்கையருக்கு இதில் முன்னுரிமை உண்டு. மற்ற வகுப்புகளில் யாராவது விலகினால்தான் இடம் வரும்.

1 முதல் 3 வரை தமிழ்வழிக் கல்வி. ஆங்கிலம் ஒரு பாடமாக இருக்கும். 4ஆம் வகுப்பிலிருந்து கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடக்கும். அந்த மாற்றத்தின்போது முதல் சில மாதங்கள் மதிப்பெண் குறைவது இயல்பு. கருத்து புரிந்திருந்தாலும் கேள்வியின் மொழி புரியாமல் பிள்ளைகள் தடுமாறுவதே அதற்குக் காரணம். எனவே அந்த ஆண்டின் முதல் பருவத்தில் வினாத்தாள் இரு மொழிகளிலும் தரப்படும்.

வயது

1ஆம் வகுப்புக்கு, கல்வியாண்டு தொடங்கும் நாளில் 6 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் அடுத்த ஆண்டுதான். பேசுவதில் கெட்டிக்காரப் பிள்ளைக்குக்கூடப் பென்சில் பிடிக்கும் விரல் வலுவும் ஓரிடத்தில் உட்காரும் பொறுமையும் வயதோடுதான் வரும். இந்த விதிக்கு விலக்கு கேட்க வேண்டாம்.

பிள்ளையுடன் சந்திப்பு

1ஆம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. ஓர் ஆசிரியர் பிள்ளையோடு 20 நிமிடம் படம் பார்ப்பார், கட்டைகளை அடுக்கி விளையாடுவார், பேசுவார். பெயர், முகவரி, பாட்டு என்று மனப்பாடம் செய்வித்து அழைத்து வராதீர்கள். தயாரித்த பதில் எதிர்பாராத கேள்வியில் நின்றுவிடும், பிள்ளை மிரண்டுவிடும். பழக்கமில்லாத இடத்தில் அழுதாலும் இன்னொரு நாள் வரச் சொல்வோம்.

2 முதல் 8 வரை சேர்பவர்களுக்கு 40 நிமிட வாசிப்பு, கணக்குப் பயிற்சி உண்டு. முந்தைய வகுப்புப் பாடத்தில் எங்கே விடுபட்டிருக்கிறது என்று பார்க்கத்தான் அது. விடுபட்டது அதிகம் என்றால், பள்ளி முடிந்தபின் வாரம் இரண்டு மணி நேரத் துணை வகுப்புக்கு வரவேண்டியிருக்கும்.

ஆவணங்கள்

பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, முகவரிச் சான்று ஆகியவற்றின் நகல்கள், பிள்ளையின் 3 புகைப்படங்கள். 2ஆம் வகுப்பு முதல், முந்தைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழும் கடைசி மதிப்பெண் அட்டையும். அசலைச் சரிபார்த்து அன்றே திருப்பித் தருவோம். மாற்றுச் சான்றிதழை மட்டும் அசலாகவே பெற்றுக்கொள்வோம்.

அதிகம் தாமதமாவது பெயர் வேறுபாட்டால்தான். பிறப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால், மாற்றுச் சான்றிதழில் பின்னால், இன்னொன்றில் தந்தை பெயர் முழுதாக, இப்படி இருந்தால் பின்னாளில் ஒவ்வொரு சான்றிதழிலும் அதே சிக்கல் தொடரும். பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே விண்ணப்பத்தில் எழுதுங்கள். அதிலேயே பிழை இருந்தால் திருத்தம் வாங்கிய பிறகு விண்ணப்பியுங்கள்.

கட்டணம்

தொகை வகுப்புக்கு வகுப்பு மாறும். அட்டவணை விண்ணப்பத்தோடு இணைந்திருக்கும். ஆண்டுக் கட்டணத்தை மூன்று தவணையாகச் செலுத்தலாம். பாடநூல், நூலகம், ஆய்வகம் அதில் அடங்கும். சீருடை, வாகனம், சுற்றுலா அடங்காது. கல்வியாண்டு தொடங்குவதற்கு 15 நாள் முன்னதாக எழுத்தில் விலகினால், பதிவுக் கட்டணம் நீங்கலாக முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும்.

யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது

பள்ளி காலை 8.30 முதல் மாலை 3.15 வரை. 1, 2 வகுப்புகளுக்கு எழுத்து வீட்டுப்பாடம் இல்லை. 15 நிமிட வாசிப்பு மட்டும். தினமும் நோட்டு நிறைய எழுதி வர வேண்டும் என்று விரும்பும் பெற்றோருக்கு இங்கே ஏமாற்றமாக இருக்கும். வாசிப்பதில், எழுதுவதில் சிரமமுள்ள பிள்ளைகளுக்காக ஒரு சிறப்பு ஆசிரியர் இருக்கிறார். நாள் முழுவதும் தனித் துணை தேவைப்படும் பிள்ளைக்கு அது போதாது. அத்தகைய தேவை இருந்தால் விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள். எங்களால் என்ன முடியும், என்ன முடியாது என்று நேரில் பேசி முடிவெடுக்கலாம்.

பார்க்க வரலாம், விண்ணப்பிக்கலாம்

புதன்கிழமைகளில் காலை 9 முதல் 11 வரை வகுப்பு நடக்கும்போதே வந்து பார்க்கலாம். முந்தைய நாள் அலுவலகத்தில் சொன்னால் போதும். கட்டடத்தைவிடக் கழிப்பறை, குடிநீர்க் குழாய், பிள்ளைகளின் நோட்டுகளில் ஆசிரியர் திருத்திய விதம் ஆகியவற்றைப் பாருங்கள்.

நிரப்பிய விண்ணப்பத்தை அலுவலகத்தில் கொடுத்துத் தேதியிட்ட ரசீது வாங்குங்கள். 10 வேலை நாட்களுக்குள் சந்திப்பு நாள் தெரிவிக்கப்படும், சந்திப்புக்குப் பின் 5 வேலை நாட்களில் முடிவு. இடம் கிடைத்தால் 7 நாட்களுக்குள் முதல் தவணை செலுத்த வேண்டும்; தவறினால் அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். அந்தப் பட்டியல் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும், அடுத்த ஆண்டுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.