நேர்வாளத்துக்கு ஏது முள்ளு

சுப்பையாபிள்ளை ஏடு எழுதுறப்ப வாய்விட்டு படிச்சுக்கிட்டே எழுதுவார், அவங்க அப்பாவும் அப்படித்தான். ஸ்ரீவைகுண்டம் பக்கத்துல ஒரு ஊரு, அச்சுப் புத்தகமெல்லாம் வர ஆரம்பிச்சிட்ட காலம்தான், ஆனா வைத்தியருங்க இன்னும் ஓலையத்தான் நம்புனாங்க. அதனால தன் குடும்பத்து வைத்திய வாகட ஏட்ட காப்பி பண்ணிக் குடுத்தே அவருக்கு வருஷத்து நெல்லு வந்துரும். இடது கட்டைவிரல் நகத்துல எழுத்தாணி தங்க ஒரு பள்ளம் வெட்டி வச்சிருப்பார், கை அது பாட்டுக்கு ஓடும், மனசு வேற எங்கயாவது இருக்கும்.

அன்னிக்கு பேதி மாத்திரை பாட்டு. "நேர்வாளம் முள் நீக்கி..."னு இழுத்துப் பாடிக்கிட்டே கீறுறார். திண்ணைக்கு கீழ அக்கா உக்காந்து வைத்தியர் வீட்டுக்கு குடுக்க அதே நேர்வாளக் கொட்டைய உடைச்சிக்கிட்டு இருந்தா. எழுத்து தெரியாது அவளுக்கு.

"ஏல சுப்பையா, நேர்வாளத்துக்கு ஏதுல முள்ளு?"

"ஏட்டுல இருக்குக்கா."

"ஏட்டுல கெடக்கட்டும். இந்தா பாரு." பருப்ப ரெண்டா பிளந்து உள்ள இருந்த மெல்லிசு முளைய நகத்தால கிள்ளி எடுத்தா. "இத எடுக்காம குடுத்தா குடல அறுத்துரும்னு ஆத்தா சொல்லுவா. முள்ளாம்ல முள்ளு."

அவருக்கு எழுத்தாணி நின்னுபோச்சு. ஓலையில புள்ளி வைக்கிற வழக்கம் இல்ல, வச்சா ஓலை கிழியும், அதனால 'முள'ன்னு இருந்தா படிக்கிறவன்தான் புள்ளி வச்சு முள்னு முடிவு பண்ணிக்கணும். ளகரத்துக்கு முன்னாடி ஐகாரச் சுழி ஒண்ணு இருந்திருந்தா அது முளை. ஒரு சுழி, அவ்வளவுதான்.

உள்ள ஓடி அப்பா எழுதுன ஏட்டுக்கட்ட அவுத்தார். முள. பரண்ல இருந்த தாத்தா கட்ட இறக்கி, ஓலை சுக்குநூறா போயிருமோன்னு பயந்து பயந்து புரட்டுனா, அந்த இடத்துல ராமபாணப் பூச்சி துளைச்ச ஓட்டை, சரியா சுழி இருக்க வேண்டிய எடத்துல. எழுத்து அவ்வளவு தெளிவா இருக்கு ரெண்டு பக்கமும். ஓட்டைய விட்டுட்டு மிச்சத்த எழுதுனது அப்பா. அதுக்கப்புறம் எழுதுனதெல்லாம் இவர். 'ஏட்டில் உள்ளபடி எழுதினேன், பிழை பொறுக்க'ன்னு ஒவ்வொரு கட்டுக்கும் கடைசி ஓலையில போட்டிருக்கார் வேற.

சாயங்காலம் உள்ளூர் வைத்தியர்கிட்ட போய் தயங்கித் தயங்கி சொன்னா அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "யோவ், நாங்க எங்கய்யா ஏட்ட பாத்து மருந்து அரைச்சோம்? எங்கப்பா கைய பாத்து பழகுனது. ஏடு சாமி ரூம்ல இருக்கு, சரஸ்வதி பூசைக்கு சந்தனம் வைப்போம்."

இத கேட்டு நிம்மதி வரணும்ல, கொஞ்சம் கோவம்தான் வந்துச்சு அவருக்கு, இவ்வளவு வருஷம் கண்ணு போக எழுதுனத ஒருத்தனும் படிக்கலயான்னு. நியாயமான கோவம்தான். ஆனா பாதி வழியில ஏரல்காரன் ஞாபகம் வந்துச்சு. போன தையில வந்து ஒரு கட்டு வாங்கிட்டுப் போன பையன், அப்பன் சின்ன வயசுலயே போயிட்டான், குரு கிடையாது, "ஏட்ட வச்சே கத்துக்கிடுவேன் அண்ணாச்சி"ன்னு சொன்னவன். அவன் ஒருத்தன்தான் உண்மையிலேயே படிப்பான்.

விடியறதுக்கு முன்னாடி கிளம்பி ஆத்தங்கரையோடவே நடந்து ஏரல் போய் சேர்ந்தார். பையன் நல்லாத்தான் இருந்தான், மோர் குடுத்தான். பேதி மாத்திரை எப்படி வேலை செய்யுதுன்னு இவர் சும்மா கேக்குற மாதிரி கேட்டார்.

"அத ஏன் கேக்கிய. முத ஆளுக்கு மூணு நாள் நிக்கவே இல்ல, கஞ்சியும் மோருமா குடுத்து காப்பாத்துனோம். முள் நீக்கின்னு இருக்கு, நானும் எல்லா கொட்டையையும் தடவி தடவி பாத்துட்டேன் அண்ணாச்சி, முள்ளே இல்ல. சரி, நம்ம ஊரு நேர்வாளத்துக்கு முள்ளு இல்ல போலன்னு அளவ பாதியாக்கிட்டேன்."

சுப்பையாபிள்ளை மோர கீழ வச்சிட்டு எல்லாத்தையும் சொன்னார். ஓட்டை, அப்பா, அக்கா, எல்லாம். பையன் ரொம்ப நேரம் பேசல. அப்புறம் கட்ட எடுத்துட்டு வந்து அந்த ஓலைய உருவி நீட்டுனான். சுழி போட எழுத்துக்கு நடுவுல இடமே இல்ல, அவர் எழுத்து அவ்வளவு நெருக்கம், அதுல ஊருக்கே பெருமை. புது ஓலை ஒண்ண கேட்டு வாங்கி பாட்டு முழுசையும் திரும்ப கீறி, விளக்குக்கரிய தடவி துடைச்சு குடுத்தார்.

பையன் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ஒவ்வொரு எழுத்தா படிச்சான்.

"இதுல வேற எங்கெல்லாம் ஓட்டை இருக்கு அண்ணாச்சி?"

"தெரியல தம்பி. மொத ஓலையில இருந்து பாப்போம், நீ படி. எதாவது இடிச்சா உடனே நிறுத்து."