சாய ஆலை உப்பு பற்றிய கலந்துரையாடல்: பேச அழைப்பு

அன்புள்ள பழனிசாமி அண்ணனுக்கு,

வணக்கம். பிப்ரவரி 14, சனிக்கிழமை, திருப்பூர் அவிநாசி ரோட்டில் உள்ள ஹோட்டல் அரங்கில் பின்னலாடைச் சாயத் தொழிலுக்கான ஒருநாள் கருத்தரங்கு நடத்துகிறோம். அன்று காலை 11.30 முதல் 12.45 வரை உப்பு மறுபயன்பாடு பற்றி ஒரு கலந்துரையாடல் இருக்கிறது. அதில் நீங்கள் பேச வேண்டும்.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடிக் கிடந்ததை நாம் இருவருமே பார்த்தோம். அதன் பிறகு ஆர்.ஓ. போட்டுத் தண்ணீரைத் திரும்ப எடுக்க ஊரே பழகிவிட்டது. உப்புதான் இன்னும் தீராத கணக்கு. அடர் நிறம் என்றால் லிட்டருக்கு 60, 80 கிராம் உப்பு போடுகிறோம். அது துணியில் தங்குவதில்லை, முழுக்கக் கழிவுநீரோடு வந்துவிடுகிறது. எவாப்பரேட்டரில் காய்ச்சினால் விறகுச் செலவு, கடைசியில் கலப்பு உப்பு மூட்டைகள். அந்த உப்புத் தண்ணீரைக் காய்ச்சாமல் பிரைனாகவே திருப்பி எடுத்துச் சாயத்தொட்டியில் விடலாம் என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் மேடைக்கு வருவதுதான் குறைவு. உங்களை விடாமல் கேட்பதற்குக் காரணம் அதுதான்.

உங்கள் ஆலையில் பிரைனை வைத்தே கறுப்பும் நேவியும் ஓட்டுகிறீர்கள். கடினத்தன்மை ஏறினால் ஷேட் எப்படி மாறுகிறது, லாட்டுக்கு லாட் என்னென்ன சோதிக்கிறீர்கள், வெளிர் நிறங்களுக்கு ஏன் புது உப்புக்குப் போகிறீர்கள் என்று போன மாதம் சொன்னீர்களே, அதையே அங்கேயும் சொன்னால் போதும். ஓடாத லாட்டைப் பற்றியும் சொல்லுங்கள் அண்ணா, சின்ன பட்டறைக்காரர்களுக்கு அதுதான் அதிகம் உதவும்.

உங்களோடு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கெமிஸ்ட் ஒருவர், பையிங் ஹவுஸில் இருந்து ஒரு மேடம், ஜவுளித் தொழில்நுட்பப் பேராசிரியர் ஒருவர். கேள்விகளை நான் கேட்பேன், ஒரு வாரம் முன்னதாகவே அனுப்பிவிடுகிறேன். ஸ்லைடு எதுவும் வேண்டாம். முதலில் ஆளுக்கு ஐந்து நிமிடம், அப்புறம் பேச்சு, கடைசி இருபது நிமிடம் அரங்கின் கேள்விகளுக்கு. முழுக்கத் தமிழில்தான். ஏறக்குறைய 150 பேர் வருவார்கள், பாதிக்கு மேல் ஜாப் ஒர்க் செய்பவர்கள்.

பையர் பெயரோ ரெசிப்பியோ நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. வீடியோ எடுப்போம். உங்கள் பகுதி வேண்டாம் என்றால் அதை எடுக்காமல் விட்டுவிடலாம். சன்மானம் கொடுக்க எங்களிடம் நிதி இல்லை. பெருந்துறையில் இருந்து கூட்டிவந்து திரும்பக் கொண்டுவிட வண்டி அனுப்புகிறோம். உங்கள் டையிங் மாஸ்டரையும் அழைத்து வாருங்கள், அவருக்கும் சேர்த்து மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டேன்.

அழைப்பிதழ் அச்சுக்குப் போக வேண்டும், ஜனவரி 22-க்குள் சொன்னால் நல்லது. அன்று லோடு இருந்து வர முடியாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள், பிற்பகல் அமர்வுக்கு மாற்ற முடியுமா என்று பார்க்கிறேன். புதன்கிழமை சாயங்காலம் ஃபோன் செய்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்
கருத்தரங்கு ஏற்பாட்டுக் குழு, திருப்பூர்