மழைநீர் வடிகால் வடிவமைப்பு அறிக்கை: 35 மனைகள் கொண்ட குடியிருப்பு மனைப்பிரிவு, மேடவாக்கம், சென்னை

1. இடம்

மொத்தப் பரப்பு 1.20 ஹெக்டேர். இதில் மனைகள் 0.78 (ஒவ்வொன்றும் சுமார் 1 கிரவுண்டு), சாலை 0.30, பூங்கா 0.12 ஹெக்டேர். நிலம் கிட்டத்தட்டச் சமதளம். சாலை மட்டம் மேல்முனையில் 10.00 மீ., நுழைவாயிலில் 9.60 மீ. (தளத்தின் தற்காலிக பெஞ்ச்மார்க்கை வைத்து). நீர் சேரும் இடம் வெளியே உள்ள தெரு வடிகால்: அடிமட்டம் 7.95, மேல்மட்டம் 9.15. அந்த நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போகிறது. சதுப்பு நிலம் நிரம்பினால் தெரு வடிகால் வடியாது. இந்த வடிவமைப்பின் பெரும்பகுதியைத் தீர்மானித்தது இதுதான்.

2. மழை

5 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழை, 10 நிமிடக் கால அளவு, மணிக்கு 120 மி.மீ. தீவிரம். குழாயில் ஓடும் நேரத்தையும் (சுமார் 3 நிமிடம்) சேர்த்தால் தீவிரம் சற்றுக் குறையும். இவ்வளவு சிறிய மனைப்பிரிவில் அந்தச் சலுகை தேவையில்லை என்பதால் எடுக்கவில்லை.

2015 டிசம்பர் மழைக்கு இது தாங்குமா என்ற கேள்வி நிச்சயம் வரும். அப்போது தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் பதிவானது 49 செ.மீ.; சராசரியாக மணிக்கு 20 மி.மீ.தான். குழாய் அளவைத் தீர்மானிப்பது சில நிமிடக் கொட்டு மழை. நாள் முழுக்கப் பெய்யும் மழையில் சிக்கல் குழாய்க்குள் வருவதில்லை, அது போய்ச் சேரும் இடத்தில் வருகிறது. அதைப் பிரிவு 4 பார்க்கிறது.

வழிந்தோடும் விகிதம்: மனைகள் 0.70 (முழுதும் வீடு கட்டிய நிலையில்), சாலை 0.90, பூங்கா 0.30. இவற்றை அந்தந்தப் பரப்பால் பெருக்கிக் கூட்டினால் CA = 0.852 ஹெக்டேர். வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்புத் தொட்டி கட்டாயம்தான். ஆனால் நவம்பரில் நிலத்தடி நீர் மேலேறி, களிமண் ஊறிய பிறகு அது உறிஞ்சாது. அதனால் கழிவு எதுவும் கொடுக்கவில்லை.

`Q = C·I·A / 360 = 0.852 × 120 / 360 = 0.284 m³/s`

3. குழாய் அளவு

என்.பி.3 ஆர்.சி.சி. ஹியூம் பைப், மேன்னிங் n = 0.013. இன்வர்ட் என்பது குழாயின் உள் அடிமட்டம்.

| பகுதி | நீளம் (மீ.) | சேர்ந்த CA (ஹெ.) | வரும் நீர் (லி./வி.) | விட்டம் (மி.மீ.) | சரிவு | கொள்ளளவு (லி./வி.) | இன்வர்ட் (மீ.) |
|---|---|---|---|---|---|---|---|
| அ | 70 | 0.240 | 80 | 450 | 1:250 | 180 | 8.875–8.595 |
| ஆ | 60 | 0.500 | 167 | 600 | 1:400 | 307 | 8.445–8.295 |
| இ | 55 | 0.852 | 284 | 600 | 1:400 | 307 | 8.295–8.157 |

பகுதி ஆ-வுக்கு 1:250 சரிவில் 450 மி.மீ. போதும் என்று கணக்கு சொல்கிறது: 180-க்கு 167. ஆனால் 90 மி.மீ. வண்டல் படிந்தாலே குழாயின் பரப்பில் 14% போய், கொள்ளளவு 155-க்கும் கீழே இறங்கிவிடும். வீடு கட்டும் முதல் சில ஆண்டுகளில் மணலும் சிமென்ட் பாலும் குழாய்க்குள் போகாமல் இருக்காது. எனவே 600. விட்டம் மாறும் மேன்ஹோலில் குழாய்களின் உச்சியைச் சமமாக வைத்ததால் இன்வர்ட் 150 மி.மீ. இறங்குகிறது. பகுதி இ உச்ச ஓட்டத்தில் சுமார் 76% ஆழத்துக்கு ஓடும். முழு ஓட்ட வேகம் 1.09 மீ./வி.

4. வெளியேற்றம்

தெரு வடிகாலில் 0.9 மீ. ஆழத்துக்கு நீர் நின்றால் மட்டம் 8.85, நம் குழாயின் உச்சி 8.757 மூழ்கிவிடும். வடிகால் விளிம்புவரை (9.15) நிரம்பியதாக வைத்து, உராய்வு இழப்பு 0.22 மீ., மேன்ஹோல் இழப்பு 0.10 மீ. சேர்த்தால் மேல்முனையில் நீர்மட்டம் 9.47. சாலை 10.00. ஆக, நீர் மேன்ஹோல் மூடியைத் தாண்டி வராது.

தெரு வடிகால் நீர் குழாய்க்குள் திரும்பாமல் தடுக்கும் ஃபிளாப் வால்வு வைக்கவில்லை. பிளாஸ்டிக் பை ஒன்று சிக்கினாலே அது பாதி திறந்து நின்றுவிடும். சாலையின் தாழ்ந்த இடமே வடிகால் விளிம்பைவிட 45 செ.மீ. உயரத்தில் இருப்பதால் இங்கே தேவையும் இல்லை. இந்த 9.60 மட்டத்தைக் குறைக்கவே கூடாது. வீட்டுத் தரைமட்டம் சாலையைவிடக் குறைந்தது 60 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும்.

5. வேலை நடக்கும்போது

1:400 என்றால் 2.5 மீ. குழாய் ஒன்றுக்கு 6.25 மி.மீ. இறக்கம். ரசமட்டத்தை வைத்துக் கண்பார்வைக்குப் போட்டால் ஏதாவது ஒரு குழாய் எதிர்ச்சரிவில் உட்காரும், அங்கே நீர் தேங்கி வண்டல் சேரும். ஒவ்வொரு குழாயின் இன்வர்ட்டையும் ஆட்டோ லெவலில் பார்த்துப் பதிவு செய்த பிறகே பள்ளத்தை மூட வேண்டும். குழாயின் சாக்கெட் முனை மேட்டுப் பக்கம் இருக்கட்டும். அடியில் 100 மி.மீ. பி.சி.சி.; பக்கங்களில் தோண்டிய களிமண்ணைத் தள்ளாமல் குவாரி டஸ்ட் போட்டு 150 மி.மீ. அடுக்குகளாக இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் மழையிலேயே சாலை அமுங்கும்.

மேன்ஹோல் 30 மீ.க்கு மிகாத இடைவெளியில், ஒவ்வொன்றிலும் இன்வர்ட்டுக்குக் கீழே 300 மி.மீ. வண்டல் குழி. சாலையின் இருபுறமும் 20 மீ.க்கு ஒரு 450 × 600 மி.மீ. கிரேட்டிங், சாலை மட்டத்தைவிட 20 மி.மீ. தாழ்வாக. மறுபடி தார் போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுக்காவிட்டால் கிரேட்டிங் பள்ளத்தில் போய் மண்ணால் அடையும். வீட்டுக் கழிவுநீர் இணைப்பு எந்த மேன்ஹோலிலும் கூடாது. வண்டல் குழிகளைச் செப்டம்பர் முடிவதற்குள் ஒருமுறையும், முதல் கனமழைக்குப் பின் ஒருமுறையும் தூர்வார வேண்டும்.