ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போவது பற்றி

இன்னும் இரண்டு வார்த்தை பேசினால் சண்டையாகிவிடும். அதனால் எழுதி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறேன். பிள்ளை தூங்கியபின் வாசியுங்கள்.

திருக்கோவில் தீர்த்தத்துக்குப் போன அன்று அப்பா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆடி அமாவாசை விரதம், அவருடைய அப்பாவுக்காக. மூன்று மணிக்குத்தான் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "மகன், லீசிங்கில் வாகனம் எடுப்பது இப்போது அவசரமா?" என்று உங்களிடம் கேட்டார். பெரியம்மா வீட்டார் முன்னால் அதைக் கேட்டிருக்கக் கூடாது. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொன்னது: "பூசாத சுவரைச் சீதனமாகத் தந்தவர் எனக்குக் கணக்குப் படிப்பிக்க வேண்டாம்."

அப்பா பதில் பேசவில்லை. கையில் உருட்டிய கவளத்தை இலையிலேயே வைத்தார். இலையை மடித்து எழுந்து, கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் கை கழுவினார். நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் பார்த்தேன்.

அந்தச் சுவர் ஏன் பூசாமல் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். 2004 இல் கடல் பழைய வீட்டைக் கொண்டுபோனது. அதன் பிறகு அவர் ஓடு போட்ட வீடு இது ஒன்றுதான், அதையும் என் பெயரில் எழுதினார். 2021 இல் பசளை இல்லாமல் வயல் விழுந்தது. அடுத்த வருடம் சீமெந்து விலை கைக்கெட்டாமல் போனது. பூச்சுக்கு என்று பறித்து வைத்திருந்த மணல் இன்னும் முற்றத்தில் கிடக்கிறது. உங்கள் மகன் அதில்தான் விளையாடினான்.

அக்கரைப்பற்றில் பஸ் ஏறியதிலிருந்து கல்லடிக்கு வரும்வரை நீங்களும் பேசவில்லை. உங்களுக்கும் உறுத்தியது என்றுதான் நினைக்கிறேன். வீட்டுக்கு வந்ததும், "மாமா அதைப் பெரிதாக எடுக்க மாட்டார்" என்றீர்களே, அதுதான் எனக்கு அந்தப் பேச்சைவிட அதிகமாக வலித்தது. பெரிதாக எடுத்தும் காட்டிக்கொள்ளாத மனிதர் அவர்.

ஞாயிற்றுக்கிழமை போவோம். போனில் வேண்டாம், போனில் அவர், "பரவாயில்லை மகன்" என்று சொல்லி வைத்துவிடுவார். மாமியும் இருக்கும்போது, "மாமா, நான் அப்படிப் பேசியது பிழை, மன்னியுங்கள்" என்று சொல்லுங்கள். அதற்குப் பின்னால், "ஆனால் நீங்களும்" என்று தொடங்க வேண்டாம். வாகனக் கதையை ஆட்கள் முன்னால் எடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் நான் தனியாகச் சொல்கிறேன். அது என் பொறுப்பு. பெரியம்மாவிடமும் நானே பேசிக்கொள்கிறேன்.

உங்கள் அம்மாவை நான் ஒரு சொல் அப்படிச் சொல்லியிருந்தால், அன்றிரவே என்னைக் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தியிருப்பீர்கள். நானும் வந்திருப்பேன்.

அவ்வளவு நடந்த பிறகும், உங்களுக்குப் பிடிக்கும் என்று அம்மா வடையைத் தூக்குச்சட்டியில் போட்டுத் தந்தார். சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வெறுஞ்சட்டியாகக் கொண்டுபோக முடியாது. வரும்போது கொஞ்சம் கச்சானும் அரைக் கிலோ பேரீச்சம்பழமும் வாங்கி வாருங்கள்.