கிருஷ்ணகிரி அலுவலகக் கட்டடம்: ஃபயர் அலாரம் கணக்கு, டிடெக்டர் முதல் பேட்டரி வரை

பெங்களூர் ரோட்டில் எழும்பும் அந்தக் கட்டடத்துக்கான கணக்கு இது. தரைத்தளமும் மேலே நாலு மாடியும், ஒவ்வொன்றும் 30 மீட்டருக்கு 18 மீட்டர், அதாவது 540 சதுர மீட்டர். சைட்டில் பைப் போடுகிறவர்கள், பேனல் வாங்குகிறவர்கள், பில் பாஸ் பண்ணுகிறவர்கள் என எல்லோரும் படிக்க வேண்டியது என்பதால் எந்த எண் எங்கிருந்து வந்தது என்பதையும் கூடவே எழுதியிருக்கிறேன். ஃபயர் அலாரத்துக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 2189 கையில் இருக்கட்டும். இடைவெளிக்கும் பேட்டரிக்கும் பிரிட்டிஷ் தரவிதி பிஎஸ் 5839 முதல் பகுதியின் கணக்கை எடுத்திருக்கிறேன்.

முதலில் டிடெக்டர். ஸ்மோக் டிடெக்டருக்கு 7.5 மீட்டர் ஆரம், ஹீட் டிடெக்டருக்கு 5.3 மீட்டர். அறையின் எந்த மூலையில் நின்றாலும் அந்த ஆரத்துக்குள் ஒரு டிடெக்டர் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. "நூறு சதுர மீட்டருக்கு ஒன்று" என்று பரப்பை வகுத்துக்கொண்டே போனால் நீளமான அறைகளில் மூலை விட்டுப்போகும். நம் திறந்த ஹால் 20க்கு 18. இதில் இரண்டு வரிசை, வரிசைக்கு இரண்டு என்று நாலு வைத்தால் இடைவெளி ஒரு பக்கம் 10, மறுபக்கம் 9. மூலைக்குத் தூரம்:

```
√(5² + 4.5²) = 6.73 மீ  <  7.5 மீ
```

நாலு போதும். மீட்டிங் ரூம் 10க்கு 6, அதில் நடுவில் ஒன்று வைத்தால் மூலைக்கு 5.83 மீட்டர், சரி. நடைபாதை 1.8 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம். இரண்டு மீட்டருக்குக் குறைந்த அகலத்தில் நடுக்கோட்டுத் தூரத்தை மட்டும் பார்த்தால் போதும் என்பதால் நடுவில் ஒன்று. கேபின் இரண்டு, ரெக்கார்டு ரூம், யுபிஎஸ் ரூம் இவற்றுக்குத் தலைக்கு ஒன்று, இரண்டு படிக்கட்டு மேடைகளுக்கும் ஒவ்வொன்று, பேன்ட்ரிக்கு மட்டும் ஹீட். டீ போடும்போதெல்லாம் ஹூட்டர் அடித்தால் ஒரே வாரத்தில் யாராவது அதைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவார்கள். ஆக மாடிக்கு 12 ஸ்மோக், 1 ஹீட்.

ரெக்கார்டு ரூமில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே ரேக் கூரை வரை போகிறது. ரேக்கின் மேல் விளிம்புக்கும் கூரைக்கும் 300 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அந்த ரேக்கைச் சுவராகவே எண்ண வேண்டும், அப்போது அந்த ஒரு டிடெக்டர் போதாது. கார்பென்டரிடம் மேல் தட்டை ஒரு அடுக்கு குறைக்கச் சொல்லுங்கள், டிடெக்டர் கூட்டுவதைவிட அது மலிவு.

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே உள்ள இடம் 800 மில்லிமீட்டரைத் தாண்டினால் அங்கேயும் டிடெக்டர் வேண்டும். மாடிகளில் 650தான், விட்டுவிடலாம். தரைத்தள ஹாலில் டக்ட் இறங்குவதால் 900, எனவே அங்கே மேலே இன்னொரு நாலு. லிஃப்ட் மெஷின் ரூமுக்கு ஒன்று. மொத்தம் 65 ஸ்மோக், 5 ஹீட்.

ஏசி காற்று வரும் வாயிலிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள், சுவரிலிருந்து அரை மீட்டர். நம்ம ஊரில் கிரானைட் பாலிஷ் போடும் வேலை இன்னும் உள்ளே நடந்துகொண்டிருக்கும்போதே டிடெக்டரை மாட்டிவிடுகிறார்கள். அந்த மாவுத் தூசி டிடெக்டரின் உள்ளறைக்குள் போய் உட்கார்ந்தால் திறப்பு விழா அன்றே பொய் அலாரம் தொடங்கும். பேஸ் மட்டும் மாட்டுங்கள், ஹெட் கடைசியில்.

அடுத்து லூப் கணக்கு, அதாவது பேனலில் கிளம்பி எல்லாக் கருவிகளையும் தொட்டுப் பேனலுக்கே திரும்பும் வயர்ச் சுற்று. கையால் அழுத்தி அலாரம் எழுப்பும் கால் பாயிண்ட் மாடிக்கு இரண்டு என 10, மாட்யூல் 5 (லிஃப்ட், ஏசி, ஸ்பிரிங்க்ளர் ஃப்ளோ ஸ்விட்ச் போன்றவை), ஐசொலேட்டர் 6. ஐசொலேட்டர் தவிர, டிடெக்டரும் சேர்த்து முகவரி எடுப்பவை 85. நாம் பார்த்திருக்கும் பேனலின் லூப் 125 தாங்கும், எனவே ஒரே லூப் போதும், பிறகு யாராவது கேபின் பிரித்தாலும் இடம் இருக்கிறது. ஒவ்வொரு மாடி நுழைவிலும் ஐசொலேட்டர் வந்தால்தான் ஒரு ஷார்ட்டில் ஒரு மாடி மட்டும் போகும். சாதாரண நிலைக் கரண்ட், டேட்டா ஷீட் எண்களை வைத்து:

```
ஸ்மோக், ஹீட்    70 × 0.35 = 24.5 mA
கால் பாயிண்ட்   10 × 0.40 =  4.0 mA
மாட்யூல்          5 × 0.50 =  2.5 mA
ஐசொலேட்டர்      6 × 0.20 =  1.2 mA
மொத்தம்                   = 32.2 mA
```

அலாரத்தில் பத்து எல்ஈடி எரிவதாக வைத்தால் 40 கூடும், 72 மில்லி ஆம்பியர். கேபிள் மொத்தம் 620 மீட்டர், 1.5 சதுர மி.மீ. செம்பு ஒரு கிலோமீட்டருக்கு 12.1 ஓம், போக வர 24.2. லூப் ஒரு முனையில் அறுந்து முழுச் சுமையும் கடைசியில் நின்றாலும் 15 ஓம், 1.1 வோல்ட் இழப்பு. ஒன்றும் ஆகாது.

ஹூட்டர் லைன்தான் பார்க்க வேண்டியது. மாடிக்கு இரண்டு, மொத்தம் 10, ஒவ்வொன்றும் ஸ்ட்ரோபுடன் 60 மில்லி ஆம்பியர். பேட்டரி தீரும் நேரத்தில் 21 வோல்ட், ஹூட்டருக்குக் குறைந்தது 18. பத்தையும் ஒரே 170 மீட்டர் லைனில் கோத்தால் 4.11 ஓம், 0.6 ஆம்பியர், 2.47 வோல்ட் போய் 18.5 மிஞ்சும். அது கத்தியின் மேல் நடப்பது. படிக்கட்டுக்கு ஒன்றாக இரண்டு லைன், 95 மீட்டர், 0.3 ஆம்பியர் என்றால் இழப்பு 0.7 வோல்ட்தான், 20.3 மிஞ்சுகிறது. ஒரு லைன் போனாலும் இன்னொரு படிக்கட்டு கத்தும். 1.0 சதுர மி.மீ. போட்டாலும் கணக்கு ஒத்துவரும் (1.03 வோல்ட்), ஆனால் இழுக்கும்போது அறுபடும், 1.5 இருக்கட்டும்.

இப்போது பேட்டரி. எல்லோரும் கடைசியில் அவசரமாகப் பார்ப்பது இதைத்தான். சாதாரண நிலையில் மில்லி ஆம்பியரில் பேனல் 130, பேனலின் நிலையை வேறிடத்தில் காட்டும் ரிப்பீட்டர் 40, லூப் 32, ஆக 0.202 ஆம்பியர், இது I1. அலாரத்தில் பேனல் 200, ரிப்பீட்டர் 60, லூப் 72, ஹூட்டர் 600, ஆக 0.932 ஆம்பியர், இது I2. அலாரம் அரை மணி நேரம். வேகமாக இறக்கினால் பேட்டரி முழு ஆம்பியர்-மணியைத் தராது என்பதற்காக 1.75, பழசாவதற்காக 1.25. T என்பது கரண்ட் போனபின் பேட்டரி தாங்க வேண்டிய மணி:

```
C = 1.25 × (T × I1 + 1.75 × I2 × 0.5)

T = 24 மணி: 1.25 × (4.85 + 0.82) =  7.1 Ah
T = 48 மணி: 1.25 × (9.70 + 0.82) = 13.1 Ah
```

முதல் விடையைப் பாருங்கள். கடையில் "சார், 7 ஏஎச் போதும்" என்று கொடுப்பது மயிரிழையில் தோற்கிறது. அதைவிட மோசம், 12 வோல்ட் 7 ஏஎச் இரண்டை சீரியஸில் போட்டுவிட்டு "14 ஏஎச் இருக்கு" என்று சொல்வது. சீரியஸில் வோல்ட்தான் கூடும், ஏஎச் அதேதான்.

நமக்கு 24 மணி போதாது என்பது என் முடிவு. ஆபீஸ் சனிக்கிழமை மாலை 6 மணிக்குப் பூட்டி திங்கள் காலை 9 மணிக்குத் திறக்கிறது, 39 மணி நேரம். ஜெனரேட்டரை கை வைத்துத்தான் கிளப்ப வேண்டும், செக்யூரிட்டியிடம் சாவி இல்லை. ஞாயிறு காற்று மழையில் லைன் போனால் யாருக்கும் தெரியாது. எனவே 48 மணி, 12 வோல்ட் 18 ஏஎச் இரண்டு. பேனல் பெட்டிக்குள் இது நுழையாது, தனிப் பெட்டி வாங்குங்கள், பில்லில் சேர்த்துவிட்டேன். யுபிஎஸ் ரூமின் சூட்டில் வைக்க வேண்டாம், பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். செக்யூரிட்டி ரூம் சுவர் நல்லது.

சார்ஜர், 24 மணி நேரத்தில் 80 சதவீதம் ஏற்ற வேண்டும்: 14.4ஐ 24ஆல் வகுத்தால் 0.6, இழப்பு சேர்த்து 0.72 ஆம்பியர். பேனலின் இயக்கச் சுமை போக சார்ஜிங்குக்கு மட்டும் ஒரு ஆம்பியர் தருகிறதா என்று டேட்டா ஷீட்டில் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். மேலே உள்ள கரண்ட் எண்கள் நாம் கோட்டேஷன் வாங்கிய மாடலுக்கானவை, வேறு மாடல் வந்தால் லூப் கணக்கிலிருந்து மறுபடி போட வேண்டும். ஒப்படைக்கும் நாளில் மெயினை அணைத்து, பேட்டரி வயரில் மீட்டரைத் தொடராக வைத்து நிற்கும் கரண்ட்டை எழுதுங்கள். 0.2 ஆம்பியருக்கு மேல் வெகுவாகத் தாண்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.