கன எண்களும் கனமூலங்களும்: இரண்டு முழு கன எண்களுக்கு இடையில் விழும் மூலத்தை மதிப்பிடுதல்

எட்டாம் வகுப்பு, கணிதப் பயிற்சித்தாள்
இரண்டு பாடவேளைகள். கால்குலேட்டர் வேண்டாம்.

மாணவர்களே, இந்தத் தாளில் விடையைவிட, விடைக்கு முன் நீங்கள் எழுதும் வரிதான் எனக்கு முக்கியம். கனமூலம் கேட்கப்பட்டவுடன், அது எந்த இரண்டு முழு எண்களுக்கு இடையில் இருக்கிறது என்பதை முதலில் எழுதுங்கள். அந்த ஒரு வரி சரியாக இருந்தால், அதன்பின் வரும் பிழை எதுவாயினும் சிறிய பிழையாகவே இருக்கும்.

கன எண்களைக் கட்டுதல்

ஓர் எண்ணை அதனாலேயே மும்முறை பெருக்கி எழுதினால் கிடைப்பது அதன் கனம்: 4 × 4 × 4 = 64. முதல் பத்து முழு கன எண்கள் 1, 8, 27, 64, 125, 216, 343, 512, 729, 1000. இவற்றை மனப்பாடம் செய்வதில் தவறில்லை. ஆனால் ஒன்றிலிருந்து அடுத்தது எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்த்துவிட்டால், மறந்துபோனாலும் மீண்டும் கட்டிக்கொள்ளலாம்.

பக்கம் 4 உள்ள ஒரு கனசதுரத்தைச் சிறு மரக்கட்டைகளால் அடுக்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பக்கம் 5 ஆக்க வேண்டுமானால், மூன்று முகங்களின்மேல் 4 × 4 கட்டைகள் கொண்ட பலகை ஒவ்வொன்றும், அந்தப் பலகைகள் சந்திக்கும் மூன்று விளிம்புகளில் 4 கட்டைகள் கொண்ட வரிசை ஒவ்வொன்றும், எஞ்சிய மூலையில் ஒரே ஒரு கட்டையும் சேர்க்க வேண்டும். 48 + 12 + 1 = 61; 64 + 61 = 125. பொதுவாக எழுதினால், (n + 1)³ − n³ = 3n² + 3n + 1.

இதிலிருந்து 7, 19, 37, 61, 91, 127, 169, 217, 271 என்ற இடைவெளிகள் கிடைக்கின்றன. இடைவெளிகள் வளர்ந்துகொண்டே போகின்றன என்பதைக் கவனியுங்கள். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இதுவே வேர்.

ஒற்றை எண்களாலும் கன எண்களைக் கட்டலாம்: 1 = 1; 3 + 5 = 8; 7 + 9 + 11 = 27; 13 + 15 + 17 + 19 = 64.

முழு கன எண்ணின் மூலம்

பகாக் காரணிகளாகப் பிரித்து, ஒரே காரணியை மும்மூன்றாகச் சேர்ப்பது உறுதியான வழி: 3375 = 3 × 3 × 3 × 5 × 5 × 5, ஆகவே ∛3375 = 3 × 5 = 15. மும்மூன்றாகச் சேராமல் ஏதேனும் ஒரு காரணி எஞ்சினால், அது முழு கன எண் அன்று.

கடைசி இலக்கத்தைக் கொண்டும் காணலாம். 2இல் முடியும் எண்ணின் கனம் 8இல் முடியும். 8இல் முடிவதன் கனம் 2இல் முடியும். 3க்கும் 7க்கும் இதே இடமாற்று உறவு உண்டு. மற்ற இலக்கங்கள் தம்மிலேயே முடியும். ஆனால் கொடுக்கப்பட்ட எண் முழு கன எண் என்பது முன்பே தெரிந்திருந்தால் மட்டுமே இந்த வழியை நம்பலாம். இதை மறந்துவிட்டு எந்த எண்ணுக்கும் இதைப் பயன்படுத்துவது இந்தப் பாடத்தில் அடிக்கடி காணப்படும் தவறு.

இடையில் விழும் மூலம்

100க்குக் கனமூலம் என்ன? 64 < 100 < 125. ஆகவே 4 < ∛100 < 5. அது 4க்கு அருகிலா, 5க்கு அருகிலா?

100, 125க்கு அருகில் இருப்பதால் மூலமும் 5க்கு அருகில் என்று சொன்னால், இந்த இடத்தில் விடை சரியாகவே வந்துவிடும்; ஆனால் காரணம் தவறு. 93ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது 64இலிருந்து 29 தொலைவிலும், 125இலிருந்து 32 தொலைவிலும் இருக்கிறது. எனவே 64க்குத்தான் அருகில். ஆயினும் ∛93 ஏறத்தாழ 4.53, அது 5க்கு அருகில். ஏன்? 4க்கும் 5க்கும் நடுவிலுள்ள 4.5இன் கனம் 91.125, 64க்கும் 125க்கும் நடுவிலுள்ள எண்ணோ 94.5. இரண்டும் ஒன்றல்ல. இடைவெளிகள் வளர்வதால் 4இலிருந்து 4.5 வரையிலான பாதிப் பயணத்தில் கனம் 27.125 மட்டுமே ஏறுகிறது, 4.5இலிருந்து 5 வரையிலான மறுபாதியிலோ 33.875 ஏறுகிறது. ஆகவே எண்ணின் அருகாமையைப் பார்க்காதீர்கள்; அரையின் கனத்தோடு ஒப்பிடுங்கள். அதற்காக இவற்றைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்க: 1.5³ = 3.375, 2.5³ = 15.625, 3.5³ = 42.875, 4.5³ = 91.125, 5.5³ = 166.375, 6.5³ = 274.625, 7.5³ = 421.875, 8.5³ = 614.125, 9.5³ = 857.375.

இனி ஒரு தசமத்துக்குச் செல்வோம். 100 என்பது 91.125ஐவிடப் பெரியது, எனவே 4.5க்கு மேல். 4.6³ = 97.336, 4.7³ = 103.823. ஆகவே மூலம் 4.6க்கும் 4.7க்கும் இடையில். இந்த 0.1 நீளத்தில் கனம் 6.487 ஏறுகிறது, நமக்கு வேண்டியது 2.664 மட்டும். 2.664 ÷ 6.487 ஏறத்தாழ 0.41, எனவே ∛100 ஏறத்தாழ 4.641. உண்மை மதிப்பு 4.6416. இவ்வளவு குறுகிய இடைவெளியில் விகிதம் பார்ப்பது பொருத்தமானது. 64க்கும் 125க்கும் இடையிலேயே விகிதம் பார்த்திருந்தால் 4 + 36 ÷ 61, அதாவது 4.59 கிடைத்திருக்கும்.

எண் ஒரு முழு கன எண்ணுக்கு மிக அருகில் இருந்தால் வேறொரு வழி விரைவானது. 500ஐப் பாருங்கள். 512இலிருந்து 12 மட்டுமே குறைவு. பக்கம் 8 உள்ள கனசதுரத்தின் மூன்று முகங்களிலிருந்தும் மெல்லிய பலகைகளைச் சீவி எடுப்பதாக எண்ணினால், அவற்றின் மொத்தப் பரப்பு 3 × 64 = 192; 12 கன அலகுகள் குறைய வேண்டுமானால் தடிமன் 12 ÷ 192 = 0.0625. ஆகவே ∛500 ஏறத்தாழ 7.9375. விகித வழியில் 343க்கும் 512க்கும் இடையில் பார்த்தால் 7 + 157 ÷ 169, அதாவது 7.929 கிடைக்கும். இடையில் விழும் மூலத்துக்கு விகித வழி எப்போதும் சற்றுக் குறைவாகவும், பலகை வழி எப்போதும் சற்று அதிகமாகவும் மதிப்பிடும். உண்மை விடை இரண்டுக்கும் இடையில் அகப்பட்டிருக்கும். ∛500இன் உண்மை மதிப்பு 7.9370.

பெரிய எண்களுக்குத் தசமப் புள்ளியை மும்மூன்று இடங்களாக நகர்த்துங்கள்: ∛40000 = ∛40 × ∛1000 = 10 × ∛40. எதிர்ம எண்களுக்கு மூலமும் எதிர்மம்: ∛(−100) ஏறத்தாழ −4.64.

கணக்குகள்

1. 216ஐ அடுத்தடுத்த ஆறு ஒற்றை எண்களின் கூட்டலாக எழுதுக. 343ஐ இவ்வாறு எழுதினால் அது எந்த ஒற்றை எண்ணில் தொடங்கும்?

2. 1372ஐ முழு கன எண்ணாக்க, அதை எந்த மிகச் சிறிய எண்ணால் பெருக்க வேண்டும்?

3. 4913, 9261, 13824 ஆகியவை முழு கன எண்கள். கடைசி இலக்கத்தைக் கொண்டு அவற்றின் மூலம் காண்க. 4923க்கு இதே வழியில் 17 என்று விடை எழுதினால் ஏன் தவறு?

4. 165, 168, 277, 620 ஆகிய ஒவ்வொன்றின் கனமூலமும் எந்த முழு எண்ணுக்கு மிக அருகில் உள்ளது? காரணத்தை எழுதுக, காரணம் இல்லாத விடைக்கு மதிப்பெண் இல்லை.

5. ஒரு தசமத்துக்குத் திருத்தமாக மதிப்பிடுக: ∛20, ∛50, ∛300.

6. இராமானுஜன் என்றதும் நினைவுக்கு வரும் எண் 1729. அது 1³ + 12³ எனவும் 9³ + 10³ எனவும் எழுதத்தக்கது. பலகை வழியில் ∛1729ஐ நான்கு தசமத்துக்கு மதிப்பிடுக.

7. மேலூர் வட்டாரத்தில் வெட்டப்பட்ட ஒரு கனசதுரக் கிரானைட் கல்லின் எடை 5.4 டன். ஒரு கன மீட்டர் கல் 2.7 டன் எனக் கொண்டு, கல்லின் பக்கத்தைச் செ.மீ. அளவுக்குக் காண்க. 2.7 டன் எடையுள்ள கனசதுரக் கல்லைவிட இதன் பக்கம் எவ்வளவு நீளம்?

8. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலிருந்து மல்லிகை அனுப்புவதற்கு, உட்கொள்ளளவு 40 லிட்டர் உள்ள கனசதுர தெர்மகோல் பெட்டி தேவைப்படுகிறது. ஒரு லிட்டர் 1000 கன செ.மீ. உட்பக்கத்தின் நீளம் என்ன?

9. வில்லாபுரத்தில் ஒரு வீட்டுக்கு 6000 லிட்டர் கொள்ளும் கனசதுர நிலத்தடித் தொட்டி கட்ட வேண்டும். கொத்தனார் உட்பக்கம் 1.8 மீட்டர் போதும் என்கிறார். அவர் சொல்வது சரியா?

விடைகள்

1. 31 + 33 + 35 + 37 + 39 + 41. 343 என்பது 43இல் தொடங்கி 55இல் முடியும்.

2. 1372 = 2 × 2 × 7 × 7 × 7. ஒரு 2 குறைகிறது; 2ஆல் பெருக்கினால் 2744 = 14³.

3. 17, 21, 24. கடைசி மூன்று இலக்கங்களை விட்டுவிட்டு எஞ்சியதைப் பார்க்க: 4 என்பது 1க்கும் 8க்கும் இடையில் இருப்பதால் 17இன் முதல் இலக்கம் 1, 9உம் 13உம் 8க்கும் 27க்கும் இடையில் இருப்பதால் மற்ற இரண்டின் முதல் இலக்கம் 2. 17³ = 4913; ஆகவே 4923 முழு கன எண் அன்று.

4. 165 < 166.375, ஆகவே 5. 168 > 166.375, ஆகவே 6. 277 > 274.625, ஆகவே 7. 620 > 614.125, ஆகவே 9. கடைசி மூன்று எண்களும் சிறிய முழு கன எண்ணுக்கே அருகில் இருப்பவை. 620 என்பது 512இலிருந்து 108 தொலைவிலும் 729இலிருந்து 109 தொலைவிலும் உள்ளது. தொலைவை மட்டும் பார்த்தவர்கள் இங்கே 8 என்று எழுதியிருப்பார்கள்.

5. 2.7, 3.7, 6.7. சரிபார்க்க: 2.7³ = 19.683, 3.7³ = 50.653, 6.7³ = 300.763.

6. 12³ = 1728; மிகுதி 1. 1 ÷ (3 × 144) = 1 ÷ 432, ஏறத்தாழ 0.0023. ஆகவே 12.0023.

7. கன அளவு 2 கன மீட்டர். 1.5³ = 3.375 என்பதால் மூலம் 1க்கு அருகில். 1.2³ = 1.728, 1.3³ = 2.197, 1.26³ = 2.000376. பக்கம் 126 செ.மீ. 2.7 டன் கல்லின் பக்கம் 1 மீட்டர். எனவே எடை இரு மடங்கானாலும் பக்கம் 26 செ.மீ. மட்டுமே கூடுகிறது. பக்கமே இரு மடங்கானால் எடை எட்டு மடங்காகும்.

8. 40000 கன செ.மீ. 3.4³ = 39.304, 3.5³ = 42.875. 0.696 ÷ 3.571 ஏறத்தாழ 0.19, எனவே ∛40 ஏறத்தாழ 3.42, உட்பக்கம் 34.2 செ.மீ.

9. 6000 லிட்டர் என்பது 6 கன மீட்டர். 1.8³ = 5.832, அதாவது 5832 லிட்டர். 168 லிட்டர் குறைகிறது. 1.82³ = 6.028568, உட்பக்கம் 1.82 மீட்டர் இருந்தால் 6000 லிட்டர் கொள்ளும். இரண்டு செ.மீ. கூடுதலாக விடும்படி கொத்தனாரிடம் சொல்ல வேண்டும்.