எக்ஸ்ரே அறை ஊழியர்களுக்கான கதிர்வீச்சுப் பாதுகாப்பு அறிவித்தல்

ரேடியோகிராபர்கள், தாதியர், சிற்றூழியர், அறையைத் துப்புரவு செய்வோர் எல்லோரும் இதை வாசிக்க வேண்டும். கதவில் ஒட்டியுள்ள ஆங்கில அறிவித்தல்தான் இங்கே தமிழில் தரப்பட்டுள்ளது. எங்கள் அறைக்குத் தேவையான சில விடயங்களையும் சேர்த்திருக்கிறோம்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுவோம். பொத்தானை அழுத்திப் படம் எடுக்கும் அந்தக் கணத்தில் மட்டும்தான் இயந்திரத்திலிருந்து கதிர் வரும். எடுத்து முடிந்ததும் சுவரிலோ கட்டிலிலோ நோயாளரின் உடம்பிலோ எதுவும் தங்காது. ஆகவே அறையைக் கூட்டித் துடைப்பவர்கள் பயப்படத் தேவையில்லை. படம் எடுக்கும்போது உள்ளே நிற்பதுதான் கூடாது.

கதிர் அளவு

எக்ஸ்ரே வேலை செய்யும் ஒருவரின் உடம்புக்கு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் எல்லை. இது 5 ஆண்டுகளின் சராசரி. எந்த ஓர் ஆண்டிலும் 50ஐத் தாண்டக்கூடாது. கண் வில்லைக்கும் இதே எல்லைதான். கைகளுக்கும் தோலுக்கும் 500. வெளியே வாங்கில் காத்திருக்கும் பொதுமக்களுக்கு 1 மட்டுமே. ஒப்பிட்டுப் பார்ப்பதென்றால், மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாக ஒரு மனிதருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் நோயாளருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.02.

20 வரை வாங்கலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒழுங்காக நடக்கும் எக்ஸ்ரே அறையில் ஊழியர்களின் அளவு அந்த எல்லைக்குக் கிட்டவும் போகாது. போனால் எங்கேயோ பிழை நடக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

உங்களுக்குக் கிடைத்த கதிர் அளவைக் காட்டுவது உங்கள் பேட்ஜ்தான். ஈய ஏப்ரனுக்கு உள்ளே, நெஞ்சில் குத்துங்கள். ஒருவருடையதை இன்னொருவர் போடக்கூடாது. வேலை முடிந்ததும் அறைக்குள் தொங்கவிட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிளிலும் வைக்காதீர்கள். இரண்டாலும் கணக்குப் பிழைக்கும். நீங்களே நோயாளராகப் படம் எடுக்க வந்தால் பேட்ஜைக் கழற்றிவிடுங்கள்.

கர்ப்பமான ஊழியர் தெரிந்தவுடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். அதன் பிறகு பிரசவம் வரை குழந்தைக்கு 1 மில்லிசீவர்ட் எல்லை. அதற்கேற்ப வேலை மாற்றித் தரப்படும், வேலை போகாது.

தடுப்பும் கவசமும்

ஊழியருக்கு வரும் கதிரில் பெரும்பகுதி நோயாளரின் உடம்பில் பட்டுச் சிதறி வருவது. தூரம் இரண்டு மடங்கானால் அது நான்கில் ஒன்றாகக் குறையும். ஆகவே உள்ளே நின்றே ஆகவேண்டிய நேரத்தில் ஏப்ரனோடு ஓரடி பின்னுக்கும் போங்கள். ஏப்ரன் சிதறிய கதிரைத்தான் நன்றாகக் குறைக்கும். நேர்க்கற்றைக்குள் கையை நீட்டினால் காப்பாற்றாது.

ஏப்ரனை மடித்துக் கதிரையில் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். மடித்த இடத்தில் உள்ளே ஈயத்தாள் வெடிக்கும், வெளியே துணி புதிதுபோல இருக்கும். கொளுவியில் தொங்கவிடுங்கள். ஆண்டுக்கொரு முறை ஏப்ரனையே படம் எடுத்துப் பார்த்து, வெடித்ததை ஒதுக்குவோம்.

சுவரும் கதவும்கூடக் கவசம்தான். விசிறி பூட்டவோ ஏசி குழாய் விடவோ யாரும் கேட்காமல் துளை போடக்கூடாது. கதவு தொங்கி இடைவெளி தெரிந்தால் அன்றே சொல்லுங்கள்.

கட்டுப்படுத்தப்பட்ட பகுதி

எக்ஸ்ரே அறை முழுவதும் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. வாட்டில் நடமாடும் இயந்திரத்தால் எடுக்கும்போது அதைச் சுற்றி 2 மீற்றர். "எக்ஸ்ரே எடுக்கிறோம்" என்று உரக்கச் சொல்லி, தள்ளிப் போக நேரம் கொடுத்த பிறகே அழுத்துங்கள்.

ஏசி வேலை செய்யாத பங்குனி, சித்திரை வெக்கையில் கதவுக்கு ஸ்டூல் முட்டுக் கொடுப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. காற்று வரும் அந்த வழியால் கதிரும் வெளியே போகும். கதவுக்கு நேரே இருப்பவர்கள் விடியற்காலை பஸ் பிடித்துத் துணுக்காயிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் பிள்ளைகளோடு வந்த சனம். கதவு மூடாமல் ஒரு படமும் எடுக்கக்கூடாது. சிவப்பு விளக்கு எரியாவிட்டால் பல்பை மாற்றும்வரை வாசலில் ஒருவரை நிறுத்துங்கள்.

உள்ளே நோயாளர் ஒருவர் மட்டும். குழந்தையைப் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் கர்ப்பமில்லாத உறவினர் ஒருவருக்கு ஏப்ரன் போட்டு, கற்றைக்கு வெளியே நிறுத்துங்கள். எப்போதும் அதே சிற்றூழியரைக் கூப்பிடாதீர்கள்.

இன்னொன்று. உடம்பில் செல் துண்டோடு பலர் எங்களிடம் வருகிறார்கள். பழைய படம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பலர் அதைப் பையில் பத்திரமாக வைத்திருப்பார்கள். இருந்தால் வைத்தியரிடம் காட்டிவிட்டு, தேவையென்றால் மட்டும் புதிதாக எடுங்கள். எடுக்காத படத்தால் அவருக்கும் கதிரில்லை, உங்களுக்கும் இல்லை.

பொத்தானை விட்டும் கதிர் நிற்கவில்லை என்று சந்தேகம் வந்தால் சிவப்பு அவசர பொத்தானை அழுத்துங்கள். அதற்கும் நிற்காவிட்டால் பிரதான சுவிட்சை நிறுத்துங்கள். நோயாளரை வெளியே எடுத்து, கதவைப் பூட்டி, பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை இயந்திரத்தை யாரும் மறுபடி போடக்கூடாது.

பொறுப்பு ரேடியோகிராபர்,
எக்ஸ்ரே பிரிவு